முதல் ஆயிரம் பேருக்கு நன்றி: அசோகா கிளறியபடி சொன்ன ஒன்றரை நிமிடம்

வீட்டுச் சமையல் சேனல் ஒன்று ஆயிரம் சப்ஸ்கிரைபரைத் தொட்டால் நன்றி சொல்லி ஒரு வீடியோ போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவற்றில் பலவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சேனலின் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே சொல்ல முடியாது. நன்றி உண்மையானதுதான், சமைப்பவரின் முகத்திலேயே அது தெரிகிறது. ஆனால் பேச்சில் இறங்குவதில்லை. ஏன் இறங்குவதில்லை, எப்படி இறங்க வைப்பது என்பதை ஒரே ஒரு சேனலை வைத்துக் கடைசிவரை பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரிச் சேனல். சிறிய சமையல் சேனல்கள் பலவற்றிலும் காணும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையல். சமைப்பவர் ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா. கல்லூரி முடித்த மகன் போனில் படம் பிடித்து, வெட்டி ஒட்டி ஏற்றித் தருகிறான். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வீடியோ. பார்ப்பவர்கள் அவரை அம்மா என்றுதான் கமெண்டில் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் காலையில் எண்ணிக்கை 1,003 காட்டுகிறது.

அன்றைக்கே அறிவிக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு வாரம் பொறுப்பது நல்லது. மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது எண்ணிக்கையிலிருந்து கழிக்கும். 1,003 என்பது மறுநாள் 998 ஆவது நடக்கக்கூடியதே. நன்றி வீடியோவின் கீழேயே 998 என்று தெரிந்தால் வருகிறவர்கள் குழம்புவார்கள். ஆயிரத்துக்குக் கீழே இருக்கும்வரை சேனல் பக்கத்தில் முழு எண்ணும் தெரியும், அதைத் தாண்டியதும் சுருக்கித்தான் காட்டும். 1,000 முதல் 1,009 வரை 1K, பிறகு 1.01K. சரியான எண், சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவுக்குள் போனால் சேனல்காரருக்குத் தெரியும். பொதுப் பக்கத்தில் 1.02K என்று நின்ற பிறகு அறிவித்தால், நாலைந்து பேர் கழிந்தாலும் சொன்ன சொல் பொய்யாகாது. அந்த ஒரு வாரம் வீணும் அல்ல. நன்றிக்கு வேண்டிய சரக்கைச் சேர்க்க அவ்வளவு நாள் வேண்டும்.

முதல் வரைவு

மகன் எழுதித் தந்த பேச்சு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னிக்கு ரொம்ப ரொம்ப சந்தோஷமான நாள். நம்ம சேனல் ஆயிரம் சப்ஸ்கிரைபர்ஸைத் தாண்டிடுச்சு. இது முழுக்க முழுக்க உங்க சப்போர்ட்தான். உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தையே இல்ல. இதே மாதிரி தொடர்ந்து சப்போர்ட் பண்ணுங்க. இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிடுங்க, பக்கத்துல இருக்கிற பெல் பட்டனையும் அழுத்துங்க. லைக் பண்ணுங்க, உங்க ஃப்ரெண்ட்ஸுக்கும் ஷேர் பண்ணுங்க. சீக்கிரமே பத்தாயிரம் ஆகணும்."

இதில் சொல்லப்பட்ட எதுவும் பொய்யில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: நன்றி ஓர் இடத்தில் வருகிறது, கோரிக்கை ஐந்து இடத்தில் வருகிறது. ஆதரவைத் தொடருங்கள், சப்ஸ்கிரைப் பண்ணுங்கள், பெல்லை அழுத்துங்கள், லைக் போடுங்கள், பகிருங்கள். கேட்பவர் காதில் கடைசியாக நிற்பது பத்தாயிரம் என்ற எண். வந்த ஆயிரம் பேர் ஏதோ ஒரு வழிப்படி என்பதுபோல ஆகிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, இந்தப் பேச்சில் சமையலே இல்லை. தையல் சேனலும் கோலச் சேனலும் இதை ஒரு சொல் மாற்றாமல் படிக்கலாம். "உங்க சப்போர்ட்" என்று சொல்லும்போது அந்த ஆயிரம் பேர் என்னதான் செய்தார்கள் என்பது மறைந்துபோகிறது. அவர்கள் சும்மா ஒரு பட்டனை அழுத்திவிட்டுப் போகவில்லை. வேலைக்குப் போய்வந்து, சொன்னபடி அரைத்து, வறுத்து, கிளறிப் பார்த்தார்கள். சிலருக்கு நன்றாக வந்தது, சிலருக்குக் கெட்டுப்போனது. கெட்டுப்போனவர்கள் திரும்பி வந்து எழுதினார்கள். சமையல் சேனலுக்குக் கிடைக்கிற உண்மையான உதவி அதுதான்.

ஆகவே சரக்கு இருக்கும் இடம் கமெண்ட் பகுதி. ஸ்டூடியோவில் கமெண்ட் பக்கத்தைத் திறந்தால் வடிகட்டும் வசதி உண்டு. கேள்வி உள்ளவை மட்டும், பதில் தராதவை மட்டும் என்று பிரித்துப் பார்க்கலாம். "சூப்பர்", "அருமை", கைகூப்பும் படங்கள் எல்லாம் தாமாக ஒதுங்கிவிடும். மிஞ்சுவதை ஒரு நோட்டில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்வோம்: திரும்பத் திரும்ப வந்த கேள்வி, செய்து பார்த்துச் சரியாக வரவில்லை என்றவை, நாம் நினைத்தே பார்க்காத சூழ்நிலையிலிருந்து கேட்டவை. தமிழ்ச் சமையல் சேனல் எதை எடுத்தாலும் முதல் பத்தியில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் நிரம்பும்: "ஒரு கப்னு சொன்னீங்களே, அது எந்தக் கப்?"

நமது மாதிரிச் சேனலிலும் அதுவே முதலில் வருகிறது. இரண்டாவது பத்தியில், புளிக்காய்ச்சல் செய்து பார்த்தவர் ஒருவர் கசந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். மூன்றாவதில், வெளிநாட்டில் மின்சார அடுப்பில் சமைக்கிறவர் ஒருவர், சிம்மில் வைத்தும் அடிப்பிடிக்கிறது என்கிறார். இந்த மூன்றே போதும். பத்தை எடுத்தால் நன்றி போய்க் கேள்வி–பதில் நிகழ்ச்சியாகிவிடும்.

பெயர்களைப் படித்து நன்றி சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இருபது பெயர் படித்தால் மிச்சமுள்ளவர்களுக்குத் தாங்கள் விடுபட்டது தெரியும். கமெண்டில் இருக்கும் பெயர்கள் பாதி எண்ணும் எழுத்துமாக இருக்கும், வாய்விட்டுப் படிக்க வராது. பெண்கள் பலர் வீட்டாருக்குத் தெரியாத பெயரில் எழுதுவார்கள், அதை எடுத்துத் திரையில் காட்டுவது அவர்களுக்குச் சங்கடம். செய்து பார்த்துப் படம் அனுப்பியவர்கள் இருந்தால், போடலாமா என்று கேட்டு, சம்மதம் வந்த பிறகே போட வேண்டும். படம் வாங்குவதற்காக வீட்டு வாட்ஸ்அப் எண்ணை வீடியோவில் கொடுக்கவே கூடாது. ஒருமுறை வெளியே போன எண்ணைத் திரும்ப வாங்க முடியாது.

நன்றிக்குத் தனி வீடியோவா?

தனியாகப் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். சிறிய சேனலின் சமையல் வீடியோவுக்கு வரும் ஆட்களில் பலர் தேடி வருகிறவர்கள், அல்லது வேறொரு வீடியோவின் பக்கத்தில் பார்த்துத் தொட்டவர்கள். "ஆயிரம் சப்ஸ்கிரைபர் நன்றி" என்று எவரும் தேடுவதில்லை. பழகிய சிலர் மட்டும் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்வார்கள். அதோடு அது நின்றுவிடும். நன்றி போய்ச் சேர வேண்டியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே இருப்பார்கள். சமையலுக்குள்ளேயே நன்றியை வைத்தால், அந்தப் பண்டத்துக்காக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், அடுத்த தீபாவளிக்குத் தேடி வருகிறவர் உட்பட.

அப்படியானால் எந்தப் பண்டம்? இனிப்பாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதோடு, பேசுவதற்குச் சமையலில் ஓர் இடைவெளி வேண்டும். தாளிப்பவர் பேச முடியாது, சுட்டெடுப்பவர் பேசினால் கருகும். கிளறும் பண்டம்தான் பொருந்தும். கை வேலை செய்துகொண்டிருக்கும், கண்ணில் மாற்றம் மெல்ல மெல்லத் தெரியும், வாய் சும்மா இருக்கும். தஞ்சாவூர்ச் சேனல் என்பதால் திருவையாற்று அசோகா கச்சிதமாக அமைகிறது. அந்தப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற இனிப்பு அது. பாசிப்பருப்பு விலை குறைவு, எல்லா ஊரிலும் கிடைக்கும், முதல்முறை செய்கிறவர்களும் தைரியமாக இறங்கலாம்.

அளவை கிராமில் தருவதே இங்கே நன்றியின் ஒரு பகுதி. பாசிப்பருப்பு 100 கிராம், சர்க்கரை 200 கிராம், நெய் 125 மில்லி, கோதுமை மாவு 2 மேசைக்கரண்டி, பருப்பு வேக 300 மில்லி தண்ணீர், முந்திரி பத்து, ஏலக்காய்த்தூள் கால் தேக்கரண்டி, கேசரிப்பவுடர் ஒரு சிட்டிகை. தராசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாசிப்பருப்பும் சர்க்கரையும் ஒரே பாத்திரத்தில் அளந்தால் எடையும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். வீட்டில் எந்த டம்ளர் இருந்தாலும் பருப்பு ஒரு பங்கு, சர்க்கரை அதே டம்ளரால் இரண்டு பங்கு என்று எடுத்தால் தவறாது. "எந்தக் கப்" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுவே: கப்பின் அளவைவிட, எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளக்கிறோமா என்பது முக்கியம். கேக் போன்றவற்றில் இதை அப்படியே நம்ப முடியாது. அங்கே முட்டை எண்ணிக்கையில் வருகிறது, டம்ளர் மாறினால் விகிதமே மாறிவிடும். அம்மாவின் சேனலில் கேக் இருந்தால் அதற்குக் கிராம் கட்டாயம்.

பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, கழுவி, குக்கரில் நாலைந்து விசில் விட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். விரலால் நசுக்கினால் நடுவில் பரல் தட்டக் கூடாது. இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. அரைகுறையாக வெந்த பருப்பு கிளறும்போது வெந்துவிடும் என்று நினைப்பார்கள். சர்க்கரை விழுந்த பிறகு பருப்பு மேற்கொண்டு குழையாது, அல்வாவில் மணல்போலக் கடிபடும். சந்தேகம் இருந்தால் இன்னும் இரண்டு விசில் விடலாம், குழைந்ததால் கெட்டுப்போன அசோகா கிடையாது. சூட்டோடு மசித்துவிட வேண்டும். ஆறினால் கட்டி தட்டும், அப்போது மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித்தான் எடுக்க முடியும்.

அடிகனமான வாணலியில் மூன்று கரண்டி நெய் விட்டு முந்திரியைப் பொன்னிறமாக எடுத்துக்கொண்டு, அதே நெய்யில் கோதுமை மாவைச் சிறு தீயில் வறுக்க வேண்டும். பச்சை வாசம் போய் நிறம் ஒரு படி மாறும் வரை. பிறகு மசித்த பருப்பு. கட்டியில்லாமல் சேர்ந்ததும் சர்க்கரை. சர்க்கரை விழுந்த இரண்டு நிமிடத்தில் கெட்டியாக இருந்தது தளர்ந்து கூழ்போல ஆகும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய் இன்னும் ஒரு கரண்டி மாவைத் தூவுவார்கள். அந்த மாவு வறுபடாத மாவு, கடைசிவரை பச்சை வாசம் அடிக்கும். தளர்வது சர்க்கரை உருகுவதால் வருவது, கிளறக் கிளறத் தானே இறுகும். கேசரிப்பவுடரைப் போட்டுவிட்டு மிச்ச நெய்யை ஒவ்வொரு கரண்டியாக, முன்பு விட்டது உள்ளே போன பிறகே விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் நெய் மேலே மிதக்கும், முடிந்துவிட்டதுபோல ஒரு தோற்றம் தரும். உண்மையில் முடிந்ததற்கு அடையாளம் வேறு: அல்வா கரண்டியோடு சேர்ந்து ஒரே திரளாகச் சுழலும், உள்ளே போன நெய் ஓரத்தில் கசிந்து திரும்பி வரும். அப்போது ஏலக்காயும் முந்திரியும் போட்டு இறக்கிவிடலாம்.

சர்க்கரை தளர்ந்ததிலிருந்து நெய் திரும்பும்வரை ஏறக்குறைய பத்து நிமிடம். வழக்கமாக மகன் வெட்டித் தூக்கி எறிகிற பகுதி அது. நன்றிக்கு இடம் அங்கேதான்.

வீடியோவின் தொடக்கத்தில் வேண்டாமா? ஒரே ஒரு வரி போதும்: "ஆயிரம் பேர் சேர்ந்துட்டீங்க, அதுக்குத்தான் இன்னிக்கு இனிப்பு." அதோடு பருப்பை வறுக்கத் தொடங்கிவிட வேண்டும். அல்வாவுக்காக வந்தவரை முதல் ஒரு நிமிடம் பேச்சில் நிறுத்தினால் போய்விடுவார். ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்வையாளர் தங்கும் வரைபடம் உண்டு. முப்பதாவது விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்பதை அதில் தனியாகவே காட்டும். முன்னுரை நீண்ட வீடியோக்களில் கோடு அந்த இடத்திலேயே செங்குத்தாக இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

திருத்திய பேச்சு

அம்மாவிடம் எழுத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல், மூன்று கேள்வியை மட்டும் நினைவூட்டி, வாயால் சொல்லச் சொல்லி, அதைக் கேட்டு எழுதினால் இப்படி வரும்:

"இந்த அசோகா உங்களுக்காகத்தாங்க. நான் வீட்டுல எந்த டம்ளர் கைக்குக் கிடைக்குதோ அதுல அளந்துட்டு ஒரு கப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். எந்தக் கப்பும்மான்னு நீங்க விடாம கேட்டீங்க. அதனாலதான் தராசு வாங்கினேன். பழைய வீடியோவுக்கெல்லாம் கீழ கிராம் கணக்கு எழுதிக்கிட்டு வர்றோம். சாப்பாட்டு வகை எல்லாம் முடிஞ்சுது, பலகாரம் மட்டும் பாக்கி, இந்த மாசத்துக்குள்ள போட்டுடறேன்.

புளிக்காய்ச்சல் கசக்குதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. வெந்தயத்தை எதுவரைக்கும் வறுக்கணும்னு நான் சொல்லாம விட்டிருக்கேன். லேசா சிவந்ததுமே தட்டுல கொட்டிடணும். அடுப்பை அணைச்சுட்டு வாணலியிலேயே விட்டா அந்தச் சூட்டுலயே கருகிடும், கசக்கும். நீங்க வந்து சொன்னதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. இனி செய்றவங்க வீட்டுல கசக்காது, அதுக்கு நீங்கதான் காரணம்.

வெளிநாட்டுல கரண்டு அடுப்புல செய்றவங்களுக்கு ஒண்ணு. நீங்க குறைச்சு வச்சாலும் அந்தத் தட்டுல இருக்கிற சூடு உடனே போகாது. அடிப்பிடிக்கிற மாதிரி இருந்தா குறைக்கிறதோட நிக்காம வாணலியைத் தூக்கிப் பக்கத்துல வச்சுக் கிளறுங்க. கேஸ் அடுப்பை மட்டும் மனசுல வச்சு சொல்லிக்கிட்டிருந்தேன், நீங்க கேட்டதும்தான் இதை யோசிச்சேன்.

செஞ்சு பார்த்தவங்களுக்கும் நன்றி, சரியா வரலைன்னு திரும்பி வந்து சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி. இங்க பாருங்க, நெய் ஓரத்துல வருது."

நிதானமாகப் பேசினால் இது ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். இதில் ஒரு கோரிக்கைகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்ல வேண்டும் என்று மகன் விரும்பினால், வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் வைக்கக்கூடிய முடிவுத் திரையில் பட்டன் இருக்கிறது. அது வாய் பேசாமலே அந்த வேலையைச் செய்யும். நன்றி சொல்லும் மூச்சில் கேட்கக் கூடாது என்பது நம் வீட்டு விசேஷங்களிலேயே உள்ள மரியாதை. வந்தவரை வாசல்வரை வழியனுப்பும்போது அடுத்த மொய்யைப் பற்றிப் பேச மாட்டோம்.

இரண்டாவதாக, அவர் பேச்சில் வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான். அதுவும் பாதி நிறைவேறிய வாக்குறுதி. "இனி தினமும் வீடியோ போடுவேன்" என்று உற்சாகத்தில் சொல்கிறவர்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது உடையும். கிராம் கணக்கு எழுதுவது அப்படியல்ல, உட்கார்ந்து எழுதினால் முடியும். வீடியோவின் கீழுள்ள விவரப் பகுதியில் 5,000 எழுத்துவரை இடம் உண்டு. பழைய வீடியோவைத் தொடாமல் அதை மட்டும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், பார்வை எண்ணிக்கையும் கமெண்டும் அப்படியே இருக்கும். அறிவிப்பதற்கு முன்பே பாதியாவது எழுதிவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. நன்றியைக் கேட்டவுடன் ஒருவர் பழைய சாம்பார் வீடியோவைத் திறந்து பார்ப்பார். அங்கே கிராம் இல்லையென்றால் மொத்தப் பேச்சும் அந்த நொடியில் செத்துவிடும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் வந்தால் விளம்பர வருமானம் வந்துவிடும் என்று உறவினர்கள் நினைப்பார்கள், சிலர் நன்றி வீடியோவிலேயே அதைச் சொல்லியும் விடுகிறார்கள். விளம்பரப் பங்குக்கு ஆயிரம் சப்ஸ்கிரைபர் ஒரு நிபந்தனைதான். கூடவே, பொதுவில் உள்ள வீடியோக்களை 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளுக்குள் ஷார்ட்ஸ் 1 கோடி பார்வை பெற்றிருக்க வேண்டும். 4,000 மணிநேரம் என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்க்கிறார் என்றால் 80,000 பார்வை வேண்டும். அதன் பிறகும் விண்ணப்பித்து, அவர்கள் சேனலைப் பார்வையிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றியில் இதைப் பேசாமல் விடுவதே நல்லது. சப்ஸ்கிரைபர்களில் பாதிப்பேர் ஷார்ட்ஸ் வழியாக வந்தவர்களாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஷார்ட்ஸ் ஓட்டத்தில் பார்த்த நேரம் அந்த 4,000 மணிநேரக் கணக்கில் சேராது.

பரிசுக் குலுக்கலும் அடிக்கடி வருகிற யோசனை. "சப்ஸ்கிரைப் பண்ணி லைக் போட்டவர்களில் ஒருவருக்குக் குக்கர்" என்று அறிவிப்பார்கள். பார்வை, லைக், சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை ஏற்றுவதற்குப் போட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்பது யூடியூபின் போட்டி விதி. "நீங்கள் எனக்கு, நான் உங்களுக்கு" என்று மாற்றி மாற்றிச் சேர்ந்துகொள்வதும் விதிமீறலே. அதைவிட, குக்கருக்காக வந்தவர் அடுத்த வீடியோவைத் திறக்க மாட்டார். அசோகாவே போதும்.

படம் பிடிக்கும் அன்று

கிளறிக்கொண்டே பேசுவதில் பெரிய எதிரி சத்தம். எவர்சில்வர் கரண்டி வாணலியில் உரசும் ஒலி, போன் மைக்கில் பேச்சைவிடப் பெரிதாக விழும். மரக்கரண்டி பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். புகைபோக்கி விசிறியை அந்தப் பத்து நிமிடம் நிறுத்திவிடலாம், அல்வாவில் புகை எழாது. போனை எட்டிய கை தூரத்தில் அடுப்புக்குப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேர் மேலே வைத்தால் ஆவி லென்சில் படிந்து படம் மங்கும், அதை முடிந்த பிறகுதான் கவனிப்போம். பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். சத்தம் அப்படியும் அடங்காத சமையலறை என்றால், அன்று மாலையே துணி நிறைந்த அலமாரி உள்ள அறையில் உட்கார்ந்து குரலை மட்டும் தனியாகப் பதிந்து ஒட்டலாம். ஆனால் கடைசி வரியை மட்டும் அடுப்படியில் பேசியதாகவே விட வேண்டும். "நெய் ஓரத்துல வருது" என்று சொல்லும் நொடியும் நெய் வரும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். தனியே பதிந்த குரலில் அந்தத் துடிப்பு வராது.

முழுப் பேச்சையும் எழுதி ஒட்டினால் கண் எழுத்தின்மேல் ஓடும், குரல் பாடம் ஒப்பிப்பதுபோல ஆகும். மூன்றே சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதி லென்சுக்கு அருகில் ஒட்டலாம்: கப்பு, வெந்தயம், கரண்டு அடுப்பு. நடுவில் ஒன்றை மறந்தால் நிறுத்திவிட்டுத் தொடரலாம், கிளறும் படத்தில் வெட்டு தெரியாது. அதற்காகவே அல்வாவை இரண்டு மடங்கு செய்ய வேண்டாம். அளவு கூடினால் நேரமும் கூடும், கையும் ஓயும், குரலில் களைப்பு ஏறும்.

தலைப்பு அல்வாவின் பெயரில் இருக்கட்டும்: "திருவையாறு அசோகா அல்வா, கிராம் அளவுடன்". ஆயிரம் என்ற சொல்லைத் தம்ப்நெயிலின் ஓரத்தில் சிறிதாகப் போட்டால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விவரப் பகுதியில் நேரக்குறிப்பு வைப்பது இந்த வீடியோவுக்கு மிகவும் தேவை. செய்முறை மட்டும் வேண்டியவர் பேச்சைத் தாண்டிப் போகவும், நன்றி கேட்க வந்தவர் நேரே அங்கே போகவும் அது வழிவிடும். முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்பு வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் வீடியோ பகுதிகளாகப் பிரியாது.

```
0:00 பருப்பு வறுத்து வேகவைத்தல்
2:10 மாவு வறுத்தல், சர்க்கரை சேர்த்தல்
4:05 உங்கள் மூன்று கேள்விகள், எங்கள் நன்றி
5:35 நெய் திரும்பும் பதம்
```

ஒரு வீடியோவில் ஒரே ஒரு கமெண்டைத்தான் மேலே பின் செய்ய முடியும். அதில் நன்றியை மறுபடி எழுதாமல், கிராம் அளவு எழுதி முடித்த பழைய வீடியோக்களின் பட்டியலைப் போடலாம். பலகாரப் பகுதி முடிய முடிய அதே கமெண்டை அம்மா திருத்திக்கொண்டே வரலாம். திருத்திய பிறகு பின் கழன்றிருந்தால் மறுபடி குத்திவிட வேண்டும்.

ஏற்றிய பிறகு முதல் இரண்டு நாள் வாழ்த்துகள் நிறைய வரும். எல்லாவற்றுக்கும் "நன்றி" என்று ஒட்டிக்கொண்டே போவதைவிட ஓர் இதயக்குறி போட்டுவிட்டு, கேள்விக்குப் பதில் எழுத நேரத்தைச் செலவிடலாம். நன்றி போய்ச் சேர்ந்ததா என்பதை இரண்டு இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒன்று வரைபடம். 4:05-இல் கோடு சட்டென்று இறங்கி 5:35-இல் மறுபடி ஏறினால், பார்த்தவர்கள் நன்றியைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். கோடு சமமாகவே போனால் இருந்து கேட்டிருக்கிறார்கள். நடுவில் எங்காவது மேடு தெரிந்தால் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். வெந்தயத்தில் மேடு வந்தால் புளிக்காய்ச்சலுக்கு ஒரு சிறு வீடியோ தேவைப்படுகிறது. மற்றொன்று கமெண்டின் தன்மை. "வாழ்த்துகள் அம்மா" என்பவற்றுக்கு நடுவே "எனக்கு அதிரசம் எண்ணெயில் பிரிஞ்சுபோச்சு, ஏன்?" என்று புதிதாக ஒன்று வந்திருந்தால், சரியாக வராததையும் இங்கே வந்து சொல்லலாம் என்று கேட்டவருக்குப் புரிந்திருக்கிறது. அதற்கு அன்றே பதில் எழுத வேண்டும்: பாகு பதம் முற்றாமல் இளகலாக இருந்திருக்கலாம், அல்லது மாவு புளிக்கவைக்காமல் அன்றே சுட்டிருக்கலாம். எது என்று அவரிடம் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும்.

ஓரிரு மாதம் கழித்து, ஆயிரம் பழைய கதையாகிவிட்டதே, இதை எடுத்துவிடலாமா என்று மகன் கேட்பான். எடுக்க வேண்டாம். வீடியோவை நீக்கினாலோ பிரைவேட் ஆக்கினாலோ அதைப் பார்த்த மணிநேரம் 4,000 கணக்கிலிருந்து போய்விடும், அல்வா தேடி வருகிறவர்களும் போய்விடுவார்கள். தம்ப்நெயிலில் உள்ள ஆயிரத்தை மட்டும் அழித்துவிட்டு மாற்றிப் போட்டால் போதும்.